காதர்பேட்டையில் அறுபது பனியன்

திருப்பூர் ரயில் நிலையத்தில் இறங்கினால் காதர்பேட்டைக்கு நடந்தே போய்விடலாம். போகிற வழியிலேயே, கையில் இரண்டு பெரிய காலிப் பைகளோடு நடப்பவர்களைப் பார்த்ததும் அவர்களும் அங்கேதான் போகிறார்கள் என்று தெரிந்துவிடும். தெருவுக்குள் நுழைந்தால் இரண்டு பக்கமும் பனியன், டி-ஷர்ட், டிராக் பேண்ட், நைட்டி, குழந்தைகள் செட். கடைக்குள் அடுக்கியது போக வாசலில் தொங்குவது, தரையில் குவித்தது, மூட்டை பிரிக்காமல் கிடப்பது என்று எங்கு பார்த்தாலும் துணிதான். முதல் தடவை போகிறவர்களுக்கு விலையைக் கேட்டதும் தலை சுற்றும். ஊரில் முன்னூறு ரூபாய்க்குப் பார்த்த டி-ஷர்ட் இங்கே நூற்றைம்பது என்றால் யாருக்குத்தான் கை நீளாது?

நான் கல்லூரி முடித்த கையோடு ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் மேஜையில் இரண்டு வருடம் நின்றவன். தைத்து வரும் பீஸை விரித்துப் போட்டு, உள்ளும் புறமும் புரட்டி, குறையிருக்கும் இடத்தில் சின்ன ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்புகிற வேலை. அங்கே நான் ஒதுக்கிப் போட்ட பீஸ்கள் எங்கே போகின்றன என்பது அப்போது எனக்குத் தெரியாது. பழனியில் வீட்டு முன்னறையிலேயே துணி விற்கும் என் தங்கையோடு காதர்பேட்டைக்குப் போகத் தொடங்கிய பிறகுதான் அவற்றை மறுபடி சந்தித்தேன்.

இந்தச் சந்தையில் 'எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ்' என்ற சொல்லைக் கேட்காமல் பத்தடி நடக்க முடியாது. அது என்னவென்று புரிந்தால் பாதி ஏமாற்றம் குறையும். வெளிநாட்டு ஆர்டர் ஒன்று பத்தாயிரம் பீஸ் என்றால் கம்பெனிக்காரர் பத்தாயிரத்தை மட்டும் வெட்டமாட்டார். தையலில், சாயத்தில் கொஞ்சம் கழியும் என்று கணக்குப் போட்டுச் சில சதவீதம் கூடுதலாகவே வெட்டுவார். கழிவு எதிர்பார்த்ததைவிடக் குறைந்தால் நல்ல பீஸ்கள் மிஞ்சும். அதுதான் உண்மையான சர்ப்ளஸ். செக்கிங்கில் கழிந்தது வேறு, அதற்குப் பெயர் செகண்ட்ஸ். வாங்குபவர் ஆர்டரையே ரத்து செய்துவிட்டால் மொத்தமாக வெளியே வருவது இன்னொரு வகை. இந்த மூன்றும் கலந்துதான் மூட்டையாகிச் சந்தைக்கு வருகிறது. இவை போதாதென்று, உள்ளூர் விற்பனைக்கென்றே தைத்ததில் ஒரு வெளிநாட்டு லேபிளை ஒட்டி 'சர்ப்ளஸ்' என்று விற்பதும் நடக்கிறது.

கண்டுபிடிக்க ஒரு எளிய வழி உண்டு. மிஞ்சிய சரக்கு ஒருபோதும் ஒழுங்காக மிஞ்சாது. ஒரு கலரில் எல் மட்டும் ஏழு இருக்கும், இன்னொன்றில் எஸ் நான்கும் டபுள் எக்ஸ்எல் இரண்டும் இருக்கும், எம் இருக்கவே இருக்காது. கடைக்காரர் எல்லாக் கலரிலும் எல்லா சைஸிலும் எத்தனை வேண்டுமானாலும் எடுத்துத் தருகிறேன் என்றால் அது சர்ப்ளஸ் இல்லை, விற்பதற்கென்றே தைத்த சரக்கு. அதில் தவறில்லை, சில சமயம் சர்ப்ளஸைவிட நன்றாகவே இருக்கும். ஆனால் அதற்கு சர்ப்ளஸ் கதைக்கான விலையைக் கொடுக்கத் தேவையில்லை. உண்மையான சர்ப்ளஸில் கழுத்து லேபிளைப் பெரும்பாலும் பாதியாக வெட்டியிருப்பார்கள், பிராண்டுக்காரரின் பெயரோடு வெளியே விடக்கூடாது என்பதால். பக்கத் தையலின் உள்ளே இருக்கும் சலவைக் குறிப்பு லேபிள் மட்டும் தப்பித்திருக்கும்.

சைஸ் எழுத்தையும் நம்பவேண்டாம். எந்த நாட்டுக்குத் தைத்ததோ அந்த நாட்டு எல் அது. வீட்டில் நன்றாகப் பொருந்துகிற டி-ஷர்ட் ஒன்றைத் தரையில் விரித்து, ஒரு அக்குளிலிருந்து மறு அக்குள் வரை டேப் வைத்து அளந்து, அந்த எண்ணைக் குறித்துக்கொண்டு போங்கள். கடையிலும் அதே மாதிரி விரித்து அளக்கலாம். காதர்பேட்டையில் டேப்பைப் பார்த்து யாரும் முகம் சுளிக்கமாட்டார்கள்.

இனி தையல். நேரமில்லாதவர்கள் ஒரே ஒரு வேலை செய்தால் போதும்: துணியைப் புறம் மாற்றிப் பாருங்கள். வெளிப்பக்கம் அயர்ன் பண்ணி, மடித்து, பாலித்தீன் போட்டு அழகாகத்தான் இருக்கும். தைத்தவரின் கை தெரிவது உள்பக்கத்தில்தான்.

பனியன் துணியில் பக்கத் தையல், தோள், கை இணைப்பு எல்லாம் ஓவர்லாக் மிஷினில் ஓடியவை. தையலின் இரண்டு பக்கமும் கட்டைவிரல்களை வைத்து மெல்ல விலக்குங்கள். நூல்கள் ஏணிப்படி மாதிரி தெரிந்து இடைவெளி விட்டால், தையல் பல்லிளிக்கிறது என்று பொருள். டென்ஷன் தளர்வாக வைத்து ஓட்டியிருக்கிறார்கள், அல்லது வேகமாக முடிக்க ஒரு அங்குலத்தில் தையலைக் குறைத்திருக்கிறார்கள். நல்ல பீஸில் அங்குலத்துக்குப் பத்து முதல் பன்னிரண்டு தையல் விழுந்திருக்கும். எண்ணிப் பார்க்க ஒரு நிமிடம் கூட ஆகாது.

அதே இடத்தை இன்னும் கொஞ்சம் இழுத்து, வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடியுங்கள். தையல் ஓரத்தில் குண்டூசி முனை அளவு ஓட்டைகள் வரிசையாகத் தெரிகிறதா? அது நீடில் கட். ஊசி முனை மழுங்கியிருந்தாலோ, துணிக்கு ஒவ்வாத தடித்த ஊசியைப் போட்டிருந்தாலோ அது நூல்களின் இடையே புகாமல் நூலையே அறுத்துவிடும். பின்னலாடையில் ஒரு கண்ணி அறுந்தால் அது தனியாக நிற்காது, பக்கத்துக் கண்ணிகளும் ஒவ்வொன்றாக நழுவும். கடையில் கடுகளவு இருப்பது மூன்றாம் சலவையில் மிளகளவாகும். செக்கிங் மேஜையில் எங்களை அதிகம் திட்டு வாங்கவைத்த குறை இதுதான், ஏனென்றால் சும்மா பார்த்தால் கண்ணுக்கே படாது, இழுத்தால்தான் தெரியும்.

அடிமடிப்பும் கைமடிப்பும் வேறு மிஷின், ஃபிளாட்லாக். வெளியே இரண்டு இணைகோடு தெரியும், உள்ளே நூல் வலைபோல் பின்னியிருக்கும். இந்தத் தையலில் ஒரு கோளாறு உண்டு. முடிந்த முனையிலிருந்து நூலைப் பிடித்து இழுத்தால் ஸ்வெட்டர் பிரிவதுபோல் சரசரவென்று முழுவதும் பிரிந்துவிடும். அதனால் மடிப்பைச் சுற்றி வந்து தொடங்கிய இடத்தைத் தாண்டி ஒரு விரல் அகலமாவது மேலே ஏற்றித் தைத்திருக்கவேண்டும். அந்தச் சேருமிடம் பெரும்பாலும் பக்கத் தையலுக்கு அருகில் இருக்கும். அதைத் தேடிப் பாருங்கள். ஏற்றித் தைக்காமல் முனைக்கு முனை தொட்டு நின்றாலோ, நடுவில் ஒரு தையல் விட்டுப் போயிருந்தாலோ அந்த பீஸை வைத்துவிடலாம்.

குழந்தைத் துணியில் கழுத்தைத் தவறாமல் இழுத்துப் பாருங்கள். குழந்தையின் தலை உடம்போடு ஒப்பிட்டால் பெரியது, கழுத்து விரியாவிட்டால் மாட்டவே முடியாது. இழுக்கும்போது 'டக்' என்று நூல் அறுகிற சத்தம் கேட்டால் கடையிலேயே தெரிந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டு நகருங்கள்.

இன்னும் இரண்டு உண்டு. பக்கத் தையல் அக்குளிலிருந்து நேராக இறங்கவேண்டும். கீழே வரவர வயிற்றுப் பக்கம் திரும்பினால் துணி முறுக்கிக்கொண்டிருக்கிறது. நூலை நூற்கும்போது ஏறிய முறுக்கு, வட்ட மிஷினில் பின்னி முடித்த பின்பும் தளரப் பார்ப்பதால் வருவது இது. சாயப்பட்டறை வேலையும் அயர்ன் பெட்டியும் கொஞ்ச நாள் அடக்கி வைக்கும். கடையிலேயே ஒரு அங்குலம் திரும்பியிருந்தால் வீட்டுச் சலவையில் இன்னும் திரும்பும். அடுத்தது, கை ஒரு ரோல் துணியிலும் உடம்பு வேறு ரோலிலும் வெட்டப்பட்டு வருகிற நிற வித்தியாசம். இது டியூப் லைட்டில் தெரியாது. வாசலுக்கு எடுத்து வந்து வெயிலில் பாருங்கள். கருநீலம், சிவப்பு, கறுப்பு என்றால் வெள்ளைக் கைக்குட்டையின் ஒரு முனையை நனைத்து உள்பக்கம் பத்து தடவை தேய்த்துப் பாருங்கள். கைக்குட்டையில் ஏறுகிற சாயம் வீட்டில் பக்கத்துத் துணியிலும் ஏறும்.

இத்தனையையும் ஒவ்வொரு பீஸுக்கும் செய்ய முடியுமா என்றால், நாலு பீஸ் எடுப்பவர் செய்யலாம், அறுபது எடுப்பவரால் முடியாது. பேரத்தின் சூட்சுமமும் இங்கேதான் இருக்கிறது. என் தங்கை போன முறை செய்த வியாபாரத்தைச் சொன்னால் விளங்கும்.

ஆண்கள் ரவுண்ட் நெக் டி-ஷர்ட், சர்ப்ளஸ் மூட்டை, அறுபது பீஸ். "ஏனுங்க அண்ணா, என்ன ரேட்டு?" என்றாள். "பொறுக்கி எடுத்தீங்கன்னா நூத்தி முப்பதுங்க. மூட்டையா அப்படியே எடுத்துக்கிட்டா நூத்தி அஞ்சு போட்டுக்கலாம்" என்றார் கடைக்காரர்.

முகத்தைப் பார்த்தால் இருபத்தைந்து ரூபாய் தள்ளுபடி மாதிரி இருக்கிறது. உண்மையில் அது செக்கிங் கூலி. பொறுக்குகிறவர் நல்லதை எடுத்துக்கொண்டு போய்விட்டால் மிச்சம் கிடக்கிற கழிவு கடைக்காரர் தலையில். மூட்டையாக எடுத்தால் அந்தக் கழிவு நம் தலையில். ஆக, மூட்டையில் எத்தனை பழுது என்று தெரியாமல் நூற்றைந்து மலிவா இல்லையா என்று சொல்லவே முடியாது.

தங்கை மூட்டையைப் பிரிக்கச் சொன்னாள். மேலே இருக்கிற பீஸை அவர் நீட்ட, "நடுவுல இருந்து எடுத்துக்கறேனுங்க அண்ணா" என்று கையை உள்ளே விட்டு, நடுவிலும் அடியிலுமாகப் பத்து பீஸ் உருவினாள். பத்தையும் நான் புறம் மாற்றிப் பார்த்தேன். ஒன்றில் நீடில் கட். ஒன்றில் அடிமடிப்பு சேரவில்லை. பத்துக்கு இரண்டு என்றால் அறுபதுக்குப் பன்னிரண்டு பழுது என்று வைத்துக்கொள்ளலாம். பத்து பீஸை வைத்துச் சொல்வது உத்தேசக் கணக்குதான், இரண்டு மூன்று முன்பின் ஆகும். ஆனாலும் குருட்டாம்போக்கில் போவதைவிட மேல்.

அறுபதை நூற்றைந்தால் பெருக்கினால் ஆறாயிரத்து முந்நூறு. நல்ல பீஸ் நாற்பத்தெட்டுதான் என்றால் ஒவ்வொன்றும் நூற்று முப்பத்தொன்று சொச்சம் விழுகிறது. பொறுக்கி எடுத்தால் நூற்று முப்பது! மூட்டையில் ஒரு பைசா லாபமில்லை, பழுதைத் தூக்கிச் சுமப்பதுதான் மிச்சம்.

அவள் விலையைப் பாதியாகக் கேட்கவில்லை. பாதி கேட்பது சேலைக் கடை வாசலில் வேண்டுமானால் நடக்கும். ஒரு பீஸுக்குச் சில ரூபாய் லாபம் பார்க்கிற மொத்தக் கடையில் பாதி கேட்டால் இவருக்கு விலை தெரியாது என்று முடிவு கட்டி அடுத்த ஆளைப் பார்க்கத் திரும்பிவிடுவார்கள். பழுதான இரண்டு பீஸையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "பத்துல ரெண்டு இப்படி இருக்குதுங்க. மூட்டையும் எடுத்துக்கறேன், பணமும் இப்பவே. தொண்ணூறுன்னு போடுங்க" என்றாள். "கட்டுப்படி ஆகாதுங்க்கா" என்றார். கொஞ்ச நேரம் பழனி மழையைப் பற்றிப் பேசினார்கள். தொண்ணூற்றைந்தில் நின்றது. ஐயாயிரத்து எழுநூறு. நல்ல பீஸ் நாற்பத்தெட்டு என்று வைத்தால் தலைக்கு நூற்றுப் பத்தொன்பதுக்குள். இப்போதுதான் மூட்டை மலிவு.

கடைக்காரர் இறங்கி வருவதற்குக் காரணம் நம் சாமர்த்தியத்தைவிட அவருடைய சௌகரியம். மூட்டை மொத்தமாகக் காலியாகிறது, பணம் உடனே வருகிறது, ஒதுக்கி வைத்த பழுதை விற்கும் கவலை இல்லை. அவருக்குச் சௌகரியம் எதுவும் தராமல் விலையை மட்டும் குறைக்கச் சொன்னால், குறைப்பார், ஆனால் குறைத்த அளவுக்குச் சரக்கையும் மாற்றிவிடுவார். அதனால் ஒரு வழக்கம் வைத்துக்கொள்ளுங்கள்: விலை பேசி முடித்த அதே மூட்டை உங்கள் கண்ணெதிரே கட்டப்படவேண்டும். "உள்ளே குடோன்ல இருந்து புதுசா எடுத்துத் தரேன்" என்றால் அது நீங்கள் பார்த்த சரக்கு இல்லை.

வீட்டுக்கு நாலு பீஸ் வாங்க வந்தவர்களுக்கு இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம். பல கடைகளில் சில பீஸ் சேர்த்து எடுத்தாலே மொத்த விலை போட்டுவிடுவார்கள், அந்த எண்ணிக்கையைக் கேட்டுக்கொண்டு, ஒவ்வொன்றையும் புறம் மாற்றிப் பார்த்து எடுங்கள். பத்து ரூபாய் குறைப்பதைவிட அது பெரிய லாபம்.

திருப்பிக் கொடுக்கிற விஷயத்தில் தங்கை ஒரு முறை சுட்டுக்கொண்டிருக்கிறாள். வெள்ளைக் கோடு போட்ட கருநீல டிராக் பேண்ட் இரண்டு டஜன். வாங்கிப்போனவர்கள் துவைத்ததும் வெள்ளைக் கோடு நீலக் கோடாகிவிட்டது. திரும்ப எடுத்துக்கொண்டு போனாள். "சீட்டு இருக்குதுங்களா?" என்று கேட்டார் அந்தக் கடைக்காரர். இருந்தது கால்குலேட்டர் கூட்டலைக் கிறுக்கிய துண்டுத்தாள். கடைப் பெயரும் இல்லை, தேதியும் இல்லை. அவர் சிரித்துக்கொண்டே அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

சந்தையின் எழுதாத சட்டம் இது: உள்ளாடை, மூட்டையாக எடுத்த சரக்கு, செகண்ட்ஸ் என்று சொல்லி விற்றது, துவைத்தது, மடிப்பும் பாக்கெட்டும் கலைந்தது ஆகியவை திரும்ப வராது. புதுச் சரக்கில் சைஸ் மாற்றிக் கொடுப்பார்கள், அதுவும் சில நாளுக்குள், பில்லோடு. பணமாகத் திரும்பி வருவது அபூர்வம். பதிலுக்கு வேறு துணி எடுத்துக்கொள்ளச் சொல்வார்கள். கலர் பிடிக்கவில்லை, வாங்கியவர் வேண்டாமென்றுவிட்டார் என்பதற்கெல்லாம் மாற்றிக்கொடுக்கக் கடைக்காரருக்குக் கடமை ஏதுமில்லை. கொடுத்தால் அது அவருடைய மரியாதை.

குறையுள்ள பொருள் வேறு கதை. 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது' என்று பில்லில் அச்சடித்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நினைக்கிறோம். சொந்த உபயோகத்துக்கு வாங்கியவருக்கு 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் துணைக்கு இருக்கிறது. குறையுள்ள பொருளை, பில்லில் சொன்ன காலத்துக்குள், அப்படி எதுவும் சொல்லவில்லை என்றால் முப்பது நாளுக்குள் திரும்பப் பெற மறுப்பதை அது முறையற்ற வணிக நடைமுறை என்கிறது. பில் கொடுக்க மறுப்பதும் அதே பட்டியலில்தான் வருகிறது.

ஆனால் என் தங்கை அந்தச் சட்டத்தின் கண்ணில் நுகர்வோரே இல்லை. மறுவிற்பனைக்கு வாங்குபவரை அது வெளியே நிறுத்திவிடுகிறது. அவளுக்குப் பொருந்துவது 1930-ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டம். சாம்பிள் காட்டி விற்றால் மொத்தச் சரக்கும் சாம்பிளைப் போலிருக்கவேண்டும், விவரம் சொல்லி விற்றால் விவரத்துக்கு ஒத்திருக்கவேண்டும் என்கிறது அது. கூடவே ஒரு கொக்கியும் வைத்திருக்கிறது: வாங்குபவர் பொருளைப் பரிசோதித்திருந்தால், அந்தப் பரிசோதனையில் தெரிந்திருக்கவேண்டிய குறைக்காகப் பிறகு வந்து நிற்க முடியாது. அடிமடிப்பு பிரிந்திருந்ததைப் பார்க்காமல் விட்டது நம் பாடு. துவைத்த பிறகே தெரிகிற சாயக் குறைக்கு நியாயம் கேட்க இடமிருக்கிறது.

இதற்காக யாரும் நீதிமன்றப் படி ஏறப்போவதில்லை, ஐயாயிரம் ரூபாய்ச் சரக்குக்கு அது கட்டுப்படியும் ஆகாது. பணம் கொடுப்பதற்கு முன் பேசி பில்லில் எழுதி வாங்கிக்கொள்வதுதான் நடக்கிற காரியம். கடைப் பெயர், தேதி, பீஸ் எண்ணிக்கை, 'ஃபிரெஷ்' அல்லது 'செகண்ட்ஸ்' என்ற ஒரு சொல், சாயம் போனால் எத்தனை நாளுக்குள் கொண்டுவரலாம் என்ற ஒரு வரி. பணம் கைக்கு வரும்வரை எழுதித் தருவதில் யாருக்கும் சங்கடமிருக்காது. எழுதித் தர மறுக்கிறார் என்றால் அதுவும் ஒரு பதில்தான். அந்த மறுப்புக்கு ஏற்ப விலையைக் குறைத்துப் பேசுங்கள்.

அறுபது பீஸ் மூட்டை பழனி வந்து சேர்ந்ததும் முன்னறையில் பாய் விரித்து இரண்டு பேருமாக ஒவ்வொன்றாகப் புரட்டினோம். பழுது பதின்மூன்று. அவற்றில் ஒன்பதைத் தனியாக அடுக்கி, குறை இருக்கும் இடத்தைக் காட்டியே எழுபது எழுபது ரூபாய்க்கு விற்றாள், வயலுக்கும் வொர்க்‌ஷாப்புக்கும் போட்டுக்கொள்ள என்று வாங்கிப்போனார்கள். அதில் அறுநூற்று முப்பது வந்துவிட்டதால் மீதி நாற்பத்தேழு நல்ல பீஸும் தலைக்கு நூற்றெட்டு ரூபாய்க்கு அடங்கின. எதற்கும் ஆகாத நான்கும் இப்போது எங்கள் வீட்டில் ஸ்கூட்டர் துடைக்கின்றன. அதில் ஒன்றின் நீடில் கட்டைக் கடையிலேயே என் கையால் புரட்டியிருந்தும் நான் பார்க்கத் தவறியிருந்தேன். தங்கை அதை இன்னும் சொல்லிக்காட்டுகிறாள்.